மிஸ்ட் கோல் போகுது, மெசேஜ் வரேல்ல: என் அனுபவம்

திருகோணமலையில் எங்கள் மீனவர் சங்கம் கடல் காலநிலையை மெசேஜில் அனுப்புகிறது. ஒரு நம்பருக்கு மிஸ்ட் கோல் கொடுத்தால் பெயர் பதிவாகி, உடனே பதில் மெசேஜ் வரும். ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகு பதில் நின்றுவிட்டது. திருக்கடலூர் அண்ணன் ஒருவர், "தம்பி, மணி அடிச்சு தானா கட் ஆகுது, மெசேஜ்தான் வரேல்ல" என்றார்.

அதுதான் துப்பு. கட் ஆகிறது என்றால் சிம் போட்ட மொடெமும் புரோகிராமும் வேலை செய்கின்றன. கோலை யாரும் எடுக்காமலே, அழைப்பவரின் நம்பர் மணியோடு வந்துவிடும். புரோகிராம் அதை வாசித்து, `AT+CHUP` என்று கோலைத் துண்டித்து, அதே நம்பருக்கு மெசேஜ் அனுப்பும். அழைப்பவருக்குக் காசு போகாததும் கோலை எடுக்காததால்தான்.

மொடெமைக் கணினியில் நேரே பார்த்தேன். `RING` மட்டும் வந்தது, நம்பர் இல்லை. நம்பரைக் காட்டும் அமைப்பு எங்கள் மொடெமில் கரண்ட் போனால் அணைந்துவிடுகிறது. அதைத் திரும்பப் போட்டேன்:

```
AT+CLIP=1
OK
RING
+CLIP: "+9477XXXXXXX",145
```

சரி, நம்பர் வந்தது, மெசேஜும் போனது. இப்போது புரோகிராம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கட்டளையை முதலில் அனுப்புகிறது. தன் நம்பரை மறைத்து அழைப்பவருக்கு மட்டும் இதனால் பயனில்லை. மேற்கோள் குறிகளுக்குள் வெறுமையாகத்தான் வரும். அவர்களின் நம்பரைச் சங்கத்தில் கேட்டு, கையால் பதிகிறோம்.