முதியோர் இல்லத்திலிருந்து அம்மாவை அழைத்து வரும்போது அட்வான்ஸை விட்டுவிடாதீர்கள்

சென்னையில் ஒரு தனியார் இல்லத்தில் அம்மாவை விட்டிருந்தோம். அட்வான்ஸ் 1,50,000 ரூபாய், மாதக் கட்டணம் 30,000. திரும்பிப் படுக்க வைக்காமல் விட்டதில் இடுப்பில் படுக்கைப் புண் வந்துவிட்டது. பார்த்ததும் மனசு கொதித்தது. ஆனாலும் கிளம்பும் முன் புண்ணைத் தேதியோடு படம் எடுத்தோம். அன்றே வெளி மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கினோம். பின்னால் கைகொடுத்தது அதுதான்.

ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தது. வெறுமனே "காலி செய்கிறோம்" என்று எழுதினால் அந்த மாதக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் "பராமரிப்புக் குறைபாட்டால் உடனே அழைத்துச் செல்கிறோம்" என்று காரணத்தோடு எழுதி, 15 நாளில் முழு அட்வான்ஸையும் கேட்டோம். மின்னஞ்சலிலும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம்.

கிளம்பும் நாளில் "பாக்கி எதுவும் இல்லை" என்ற தாளை நீட்டுவார்கள். பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். இழுத்தடித்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இல்லத்துக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.