பல பொருள் விற்கும் கடைக்கு பிரேக் ஈவன்: கணக்கு தப்புகிற இடங்கள்

லாபமும் நட்டமும் இல்லாமல் கடை நிற்கும் விற்பனை அளவுதான் பிரேக் ஈவன் புள்ளி. ஒரே ஒரு பொருளை விற்பவருக்கு அதைக் கண்டுபிடிப்பது சுலபம். மாதத்தின் நிலையான செலவை, ஒரு பொருளின் பங்களிப்பால் வகுத்தால் எத்தனை விற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். விற்கும் விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவதுதான் பங்களிப்பு. பொருள்கள் இரண்டு மூன்று ஆகும்போதுதான் சிக்கல்.

ஒரு டீக்கடையை வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. டீ 15 ரூபாய்; பால், தூள், சர்க்கரை, கேஸ் போக பங்களிப்பு 8. வடை 10 ரூபாய், பங்களிப்பு 4. பாட்டில் ஜூஸ் 40 ரூபாய், ஆனால் வாங்குவதே 34 ரூபாய்க்கு என்பதால் பங்களிப்பு 6. வாடகை, மாஸ்டர் சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்ந்து மாதம் 66,000.

மூன்று பங்களிப்பையும் கூட்டி மூன்றால் வகுத்து 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வது முதல் தவறு. டீயும் ஜூஸும் சம எண்ணிக்கையிலா விற்கின்றன? இந்தக் கடையில் 10 உருப்படி போனால் அதில் 6 டீ, 3 வடை, 1 ஜூஸ். அந்தப் பத்தில் கிடைப்பது 48 + 12 + 6 = 66 ரூபாய். எடையிட்ட சராசரி 6.60. ஆக 66,000 ÷ 6.60 = 10,000 உருப்படி; அதாவது 6,000 டீ, 3,000 வடை, 1,000 ஜூஸ். விற்பனைத் தொகையாகச் சொன்னால் 1,60,000 ரூபாய்.

அதே கணக்கை நேரடியாக ரூபாயில் போடும்போது, விவரம் தெரிந்தவர்களும் வழுக்குகிறார்கள். விலையில் பங்களிப்பு எத்தனை சதவீதம் என்று பார்த்தால் டீக்கு 53.33, வடைக்கு 40, ஜூஸுக்கு 15. இவற்றை 60, 30, 10 என்ற எண்ணிக்கைப் பங்கால் பெருக்கினால் 45.5 சதவீதம் வரும். அது தப்பு. சதவீதத்துக்கு எடையாக வர வேண்டியது விற்பனைத் தொகையின் பங்கு. பத்து உருப்படிக்கு வரும் 160 ரூபாயில் டீ 90, வடை 30, ஜூஸ் 40. ஜூஸ் எண்ணிக்கையில் பத்தில் ஒன்றுதான், ஆனால் கல்லாவில் கால் பங்கு. அப்படிப் போட்டால் 41.25 சதவீதம், விடையும் அதே 1,60,000. தப்பான சதவீதத்தை நம்பியவர் 1,45,000 சுமாருக்கே கரையேறிவிட்டோம் என்று நினைப்பார். உண்மையில் அந்த இடத்தில் அவர் கையைக் கடிப்பது ஆறாயிரத்துக்கு மேல். இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். விடை ஒத்துவரவில்லை என்றால் எடை மாறிப்போயிருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, 10,000 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு விற்பனைக் கலவையை மறந்துவிடுவது. அந்த எண் 6:3:1 என்ற கலவைக்கு மட்டுமே பொருந்தும். வெயில் காலம் வருகிறது. டீ குறைந்து ஜூஸ் ஏறி, கலவை 4:3:3 ஆகிறது. உருப்படி அதே 10,000 போகிறது. கல்லாவில் 2,10,000 விழுகிறது, முன்பைவிட 50,000 அதிகம். ஆனால் பத்து உருப்படிக்கு 32 + 12 + 18 = 62 ரூபாய்தான் பங்களிப்பு. மொத்தம் 62,000, செலவோ 66,000. வியாபாரம் ஏறியும் 4,000 நட்டம். இப்போது புள்ளி 10,646 உருப்படிக்குப் போய்விட்டது. விற்பனை ஏறும்போது கையில் நிற்பது குறைந்தால், திருட்டைச் சந்தேகிப்பதற்கு முன் வாரக் கணக்கை எடுத்து எது எத்தனை போனது என்று எண்ணிப் பாருங்கள். பருவத்துக்குப் பருவம் கலவை மாறும் கடைக்கு ஒரே எண் போதாது. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போட்டு வைப்பதே சரி.

அப்புறம், வாடகையையும் சம்பளத்தையும் பொருள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம். ஆளுக்கு 22,000 என்று பிரித்தால், மாதம் 6,000 மட்டும் தரும் ஜூஸ் 16,000 நட்டம் என்று காட்டும். உடனே அதை நிறுத்தினால் என்ன ஆகும்? டீயும் வடையும் பழையபடியே போனாலும் பங்களிப்பு 60,000 ஆகிவிடும். வாடகை ஒரு ரூபாய்கூடக் குறையாது. மிச்சமாவது ஜூஸுக்காக மட்டும் ஓடிய ஃப்ரிட்ஜின் கரண்ட் மாதிரியான செலவுதான். அது மாதம் 1,500 என்றால், லாபமும் நட்டமும் இல்லாமல் நின்றிருந்த கடை 4,500 நட்டத்தில் போகும். அந்த ஃப்ரிட்ஜ் செலவு 6,000-ஐத் தாண்டினால் மட்டுமே ஜூஸை நிறுத்துவது பற்றி யோசிக்கலாம். அப்போதும், ஜூஸ் வாங்க வருகிறவர் கூடவே வடையும் எடுக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான்.