மூஞ்சியே காட்டாம வீடியோ எடுக்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஜவ்வு மிட்டாய்க்காரர் கம்புல சுத்தி வச்ச மிட்டாய இழுத்து இழுத்து பசங்க கையில வாட்ச் கட்டி விடுவாரே, அத ஒரு நிமிஷ வீடியோவா எடுக்கணும்னு ஸ்கூல் விடுற நேரமா பாத்துப் போய் நின்னேன். பசங்க மூஞ்சிய எடிட்ல ப்ளர் பண்ணிக்கலாம்னு நெனச்சதுதான் முதல் தப்பு. ஒரு பையன் சட்டுன்னு திரும்பினாலோ, நடுவுல யார் கையாவது மறைச்சாலோ ப்ளர் அவன் மூஞ்சிய விட்டுட்டு வேற எங்கயோ நிக்கும். பத்து ஃப்ரேம் விட்டாலே 30 எஃப்பிஎஸ் வீடியோல கிட்டத்தட்ட ஒரு செகண்டுல மூணுல ஒரு பங்கு, பாஸ் பண்ணிப் பாத்தா புள்ள யாருன்னு பளிச்சுனு தெரியுது. அந்த வீடியோவ போடவே இல்ல, அழிச்சுட்டேன்.

அடுத்த தப்பு கேமரா உயரம். பெரியவங்க மூஞ்சி வராம இருக்க இடுப்பு உயரத்துல வைங்கன்னு நெறைய பேர் சொல்வாங்க, ஆனா ஆறு வயசுப் புள்ளைக்கு மூஞ்சி இருக்கறதே ஏறக்குறைய அந்த உயரத்துலதான்! நிமிர்த்திப் பிடிச்ச ஃபோன்ல ஃப்ரேம் உயரமா வேற இருக்கும், மேல் பக்கம் யாராவது வந்துட்டே இருப்பாங்க. அதனால ஃபோன மேல இருந்து கீழ பாத்த மாதிரி சாய்ச்சுப் பிடிங்க, பின்னாடி வெறும் தரை மட்டும் தெரியணும். 0.5எக்ஸ் வேணாம், ஓரத்துல நிக்கிறவங்களையும் இழுத்துட்டு வந்துடும், 2எக்ஸ்தான் சரி.

மூஞ்சி வரலன்னா முடிஞ்சுதுன்னு நெனைக்கறதும் தப்புங்க. என் க்ளிப்ல ஒரு பொண்ணோட கை மட்டும்தான் இருந்துச்சு, ஆனா கழுத்துல தொங்குன ஐடி கார்டு ஃப்ரேமுக்குள்ள ஆடிட்டு இருந்துச்சு, பின்னாடி யாரோ அவ பேர முழுசா சொல்லிக் கூப்பிடுறதும் பதிவாயிருந்துச்சு. யூனிஃபார்ம் கலரும் தெரு பேரும் சேந்தா எந்த ஸ்கூல்னு ஊர்க்காரங்க சொல்லிடுவாங்க.

ரெண்டாவது தடவ யோசிச்சப்பதான் புரிஞ்சுது, இந்தக் கதைக்குப் பசங்களே தேவையில்ல, மிட்டாய் நீளுறதும் அவர் விரல் முறுக்குறதும் கம்பு உச்சியில பொம்மை கை தட்டுறதும் போதும். மிட்டாய்க்கார அண்ணன்கிட்ட விஷயத்த சொல்லிக் கேட்டுட்டு, பசங்க இல்லாத பதினோரு மணிக்குப் போனேன், வாட்ச என் கையிலயே கட்டிவிடச் சொன்னேன். மணிச் சத்தத்த மட்டும் தனியா ரெக்கார்ட் பண்ணி, வீடியோவோட சொந்த ஆடியோவ மொத்தமா மியூட் பண்ணிட்டேன்.

போடுறதுக்கு முன்னாடி 0.25 ஸ்பீடுல ஒரு தடவ முழுசா ஓட விட்டுப் பாருங்க, பக்கத்துக் கடைக் கண்ணாடியும் வண்டியில இருக்கற எவர்சில்வர் டப்பாவும்தான் ஆள காட்டிக் கொடுக்கும். தம்ப்நெயிலயும் நீங்களே எடுத்து வைங்க, ஆப் தானா எந்த ஃப்ரேம பிடிக்கும்னு நம்ப முடியாது.