பியூட்டீஷியன் சர்ட்டிபிகேட்: எது செல்லும், சலூன்ல என்ன பாப்பாங்க, சொந்தக் கடைக்கு எந்தப் பேப்பர்

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை எந்தப் பக்கம் போனாலும் ஒரு பியூட்டீஷியன் கோர்ஸ் போர்டு இருக்கும், எல்லாத்துலயும் "அரசு அங்கீகாரம் பெற்றது"ன்னு எழுதியிருக்கும். நான் கொடுங்கையூர்ல சின்னதா ஒரு பார்லர் வெச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி ஒரு செயின் சலூன்ல வேல பாத்தேன். கோர்ஸ் பத்தி கேட்டு வர்ற பொண்ணுங்களுக்கு தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் இங்க எழுதிடறேன். திரெடிங், பேஷியல்னா என்னன்னு விளக்கமெல்லாம் இதுல கிடையாது.

1. பணம் கட்டறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய ஒரே கேள்வி

"மேடம், இந்தக் கோர்ஸோட கோட் என்ன?" இத மட்டும் கேளுங்க. பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, நம்ம தொழில்ல ஒவ்வொரு வேலைக்கும் அவங்க ஒரு கோட் வெச்சிருக்காங்க. உதவி பியூட்டி தெரபிஸ்ட் `BWS/Q0101`, பியூட்டி தெரபிஸ்ட் `BWS/Q0102`, உதவி ஹேர் ஸ்டைலிஸ்ட் `BWS/Q0201`, ஹேர் ஸ்டைலிஸ்ட் `BWS/Q0202`. உண்மையான செண்டரா இருந்தா டக்குனு கோட சொல்லிடுவாங்க. அத nqr.gov.in-ல போட்டுத் தேடிப் பாத்துடுங்க. இல்லன்னா ஐடிஐல காஸ்மெட்டாலஜி ட்ரேட் இருக்கு, ஒரு வருஷம், அதுல வர்ற தேசியத் தொழிற் சான்றிதழ் எங்கயும் செல்லும், டைம் இருக்கறவங்களுக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

கோட கேட்டதும் சில இடத்துல "நாங்க ஐஎஸ்ஓ வாங்கிருக்கோம், எம்எஸ்எம்இ ரிஜிஸ்டர் பண்ணிருக்கோம்"னு பேச்ச மாத்துவாங்க. ஐஎஸ்ஓங்கறது அந்த ஆபீஸ ஒழுங்கா நடத்துறாங்களாங்கறதுக்கு, அவங்க சொல்லித்தர்ற பாடத்துக்கு இல்ல. எம்எஸ்எம்இ பேப்பர்ங்கறது உத்யம் பதிவு, ஆதார், பான் ரெண்டும் இருந்தா நீங்களே ஆன்லைன்ல காசில்லாம வாங்கிக்கலாம், நாளைக்கு உங்க பார்லருக்கும் அதேதான் வாங்கப்போறீங்க. அத ஃப்ரேம் போட்டு மாட்டிட்டு அங்கீகாரம்னு சொல்றாங்க!

ஏற்கனவே பார்லர்ல வேல பாத்துட்டு பேப்பர் மட்டும் இல்லாதவங்க முழுக் கோர்ஸ் திரும்பப் படிக்கத் தேவையில்ல. ஆர்பிஎல்னு கேளுங்க, தெரிஞ்ச வேலைய வெளியாள் ஒருத்தர் வந்து சோதிச்சு சர்ட்டிபிகேட் தர்ற முறை. எழுத்து, செய்முறை ரெண்டும் இருக்கும். கை நல்லா ஓடற அக்காங்க எழுத்துலதான் திணறுவாங்க, ஏன்னா பொருள தினமும் யூஸ் பண்ணுவாங்க, ஆனா அதோட பேர் என்னன்னு கேட்டா வராது.

2. பேர், இனிஷியல் (இத அவசரமா தாண்டிப் போகாதீங்க)

எனக்கு எல்லாத்தையும் விட இழுத்தது இதுதான். டிசி, மார்க் ஷீட்ல "எஸ். கவிதா"ன்னு இருக்கும், ஆதார்ல "கவிதா சேகர்", கல்யாணத்துக்கு அப்புறம் பேங்க்ல "கவிதா ரமேஷ்". நம்ம ஊர்ல இது சகஜம். ஆனா கோர்ஸ்ல சேரும்போது ஆதார வெச்சுதான் பதியறாங்க, ஆதார்ல என்ன இருக்கோ அதுதான் சர்ட்டிபிகேட்ல அச்சாகி வரும். அப்புறம் லோனுக்குப் போனா பேங்க் மேனேஜர் பாஸ்புக்கயும் சர்ட்டிபிகேட்டயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு ரெண்டும் ஒரே ஆளுதான்னு அஃபிடவிட் கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவார். அதனால மொதல்ல ஆதார சரி பண்ணிட்டு, பேங்க் கணக்க அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திட்டு, அப்புறமா சேருங்க. சர்ட்டிபிகேட் வந்த அன்னிக்கே அதுல இருக்கற கியூஆர ஸ்கேன் பண்ணி உங்க பேர் வருதான்னு பாத்துடுங்க, செண்டர்காரங்க அப்போதான் போன் எடுப்பாங்க.

3. சலூன் ட்ரையல்

சர்ட்டிபிகேட்ட ஹெச்ஆர் பாப்பாங்க, சீனியர் ஸ்டைலிஸ்ட் பாக்கறது உங்க கைய. என்னோட ட்ரையல் எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன், பெரிய சலூன்ங்க பல இடத்துலயும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

மொதல்ல அங்க வேல பாக்கற ஒரு பொண்ணுக்கு ஐப்ரோ. நூல வாயில கடிச்சுப் பழகினவங்க ஜாக்கிரதை, செயின் சலூன்ல அது சுத்தமில்லன்னு விட மாட்டாங்க, கழுத்துல மாட்டிதான் இழுக்கணும், வீட்லயே அத பழகிட்டுப் போங்க. எடுக்கும்போது அந்தப் பொண்ண ரெண்டு கையாலயும் தோல இழுத்துப் பிடிக்கச் சொல்லணும், தோல் தளர்ந்தா நூல் வெட்டிடும், சிவந்து கோடு விழும். முடிச்சதும் சீனியர் கிட்ட வந்து பாக்கல, ரெண்டடி தள்ளி நின்னு கண்ணாடில பாத்தாங்க, ஏன்னா ரெண்டு புருவமும் ஒண்ணா இருக்கான்னு தூரத்துலதான் தெரியும்.

அடுத்தது ஸ்ட்ரெயிட் ட்ரிம். முடிய நாலு செக்ஷனா பிரிச்சு, பின்னங்கழுத்துல ஒரு கைடு லைன் வெட்டி, மேல இருந்து ஒவ்வொரு லேயரா இறக்கி அதே கோட்டுக்கு வெட்டணும். முடிய தூக்காம, விழற மாதிரியே சீவிப் பிடிக்கணும், கொஞ்சம் தூக்கினாலும் அடில படி மாதிரி வந்துடும். வெட்டி முடிச்சு ரெண்டு பக்கமும் முன்னாடி இழுத்து நீளம் சரியான்னு செக் பண்றீங்களான்னு கவனிப்பாங்க, நெறைய பேர் இதத்தான் விட்டுடறாங்க.

அப்புறம் வாய்க் கேள்வி. "நரை முடி, பெர்மனெண்ட் கலர், எந்த டெவலப்பர்?" 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். "கஸ்டமர் நாளைக்கு கல்யாணம், இப்பவே போடுங்கன்னு கேக்கறாங்க, முதல் தடவ கலர் போடறாங்க, என்ன பண்ணுவ?" பேட்ச் டெஸ்ட் இல்லாம போட மாட்டேன்னு சொல்லணும், காதுக்குப் பின்னால கொஞ்சம் வெச்சு 48 மணி நேரம் பாக்கணும், கலர்ல இருக்கற பிபிடி சிலருக்கு முகத்தையே வீங்க வெச்சிடும். வியாபாரம் போயிடுமேன்னு "போட்டுடுவேன் மேடம்"னு சொன்னீங்கன்னா அதோட சரி.

ட்ரையலுக்கு உங்க கத்திரி எடுத்துட்டுப் போங்க. சவுகார்பேட்டைல பெட்டி நெறைய பத்து ஐட்டம் வெச்சு விக்கற செட் வேண்டவே வேண்டாம், அந்தக் காசுக்கு 5.5 இன்ச்ல உருப்படியா ஒரே ஒரு கத்திரி வாங்குங்க, அத தலமுடியத் தவிர எதுக்கும் தொடாதீங்க. எங்கம்மா என்னோடத வெச்சு பால் பாக்கெட் வெட்டினாங்க, சாணை பிடிக்க அலைஞ்சேன்.

4. சொந்தக் கடை

பார்லர் திறக்க பியூட்டீஷியன் சர்ட்டிபிகேட் கட்டாயம்னு சட்டம் இல்ல. அது வேல செய்யறது லோன்லதான். முத்ரால சிசு பிரிவு 50,000 வரைக்கும், அடமானம் கிடையாது. நான் வாங்கினது அதுதான், ஒரு சேர், கண்ணாடி, ஷாம்பூ பேசின் மூணையும் அதுல முடிச்சேன், ஃபேஷியல் பெட் பழசு. 35 வயசு தாண்டினவங்க மாநில அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்த விசாரிங்க, 3 லட்சம் வரைக்கும் கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000.

வரிசை இப்படிப் போங்க: வாடகை ஒப்பந்தம், உத்யம், அப்புறம் மாநகராட்சில தொழில் உரிமம். உத்யம்ல தொழில் வகை கேக்கும்போது `96020` போடுங்க, முடி அலங்காரம், அழகு வேலைக்கு அதுதான். கூகுள்ல தேடினா மேல வர்ற விளம்பர சைட்டெல்லாம் பீஸ் கேக்கும், ஒரிஜினல் சைட் முடிவுல gov.in இருக்கும், அதுல பீஸ் கிடையாது. உரிமத்துக்கு ஹவுஸ் ஓனரோட சொத்து வரி ரசீது வேணும், அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஜெராக்ஸ் தருவீங்களான்னு கேட்டுக்கோங்க, கொடுத்த அப்புறம் கேட்டா முகம் மாறிடும்.

அப்டேட்: வீட்டு முன் ரூம்லயே போடலாமான்னு மூணு நாலு பேர் கேட்டிருந்தீங்க. போடலாம், ஆனா வீட்டுக் கரண்ட் கனெக்‌ஷன்ல பார்லர் ஓட்டக்கூடாது, அந்த ரூமுக்கு தனி மீட்டர் வாங்கி கமர்ஷியல் டாரிஃப்ல வெச்சுக்கணும், இல்லாம மாட்டினா அபராதம் போடுவாங்க. வாடகை வீடுன்னா ஓனர் சம்மதக் கடிதம் வேணும். ஜிஎஸ்டி பத்தியும் கேட்டீங்க, வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாதான் அது, நம்ம முன் ரூமுக்கு இப்போதைக்கு கவலையில்ல.