மாநில ஒதுக்கீட்டுக்கான நேட்டிவிட்டி சான்றிதழ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் பகுதிகளின் இ-சேவை மையங்களில் நிற்கும் வரிசையில் பாதிப்பேர் பிறப்பிடச் சான்றிதழுக்காக வந்தவர்கள்தான். பேச்சில் எல்லோருக்கும் அது நேட்டிவிட்டி. விண்ணப்பங்களை நிரப்பித் தருவதும், திரும்பி வந்தவற்றைச் சரிசெய்து தருவதும் என் வேலை என்பதால், ஒவ்வோர் ஆண்டும் அதே தவறுகள் புதிய மனிதர்களால் செய்யப்படுவதைப் பார்க்கிறேன். எழுத்துப்பிழை, மங்கலான ஸ்கேன் போன்றவற்றை மையத்தில் இருப்பவர்களே சுட்டிக்காட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கலந்தாய்வு இடத்தையே பறிக்கக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பிளஸ் டூ இங்கேதான் படித்தோம் என்று இருந்துவிடுவது

பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் சென்னையில் படித்திருந்தால் நேட்டிவிட்டி தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்கு அப்படியில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பொறியியல் கலந்தாய்வில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளும் தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. அவற்றில் ஓர் ஆண்டை வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்ட அது வேண்டும். மருத்துவக் கலந்தாய்வில் இந்தக் காலம் ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே, ஆறிலும் ஏழிலும் மட்டும் வெளிமாநிலப் பள்ளியில் இருந்த மாணவருக்குப் பொறியியலில் தேவைப்படாத சான்றிதழ் மருத்துவத்தில் கட்டாயமாகிறது. இரண்டுக்கும் விண்ணப்பிப்பவர்கள் ஒன்றின் விதியைப் படித்துவிட்டு மற்றதற்கும் அதுவே என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் வகுப்பு வரம்பைப் பார்த்துவிட்டு, மாணவரின் மாற்றுச் சான்றிதழ்களை வகுப்புவாரியாக அடுக்கிப் பார்த்தாலே தேவை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இன்றைய முகவரியை மட்டும் நிரூபிப்பது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இந்தத் தவறுதான். விண்ணப்பிக்க வருபவர்கள் புதிதாக முகவரி மாற்றிய ஆதார் அட்டை, வாடகை ஒப்பந்தம், எரிவாயு ரசீது ஆகிய மூன்றையும் கொண்டுவந்து, ஆதாரம் போதும் என்கிறார்கள். இந்த மூன்றும் அவர் இன்று எங்கே குடியிருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கின்றன. வட்டாட்சியர் சான்றளிக்க வேண்டிய செய்தியோ, இந்த மாணவரும் இவருடைய குடும்பமும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பது. இன்று கொருக்குப்பேட்டையில் குடியிருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு மாணவியின் நிலையைச் சொன்னால் இது விளங்கும். தந்தை ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். வேலைக்காக ஆந்திராவின் சூளூர்பேட்டைக்குக் குடும்பத்தோடு சென்றவர். மகள் ஐந்தாம் வகுப்பு வரை ராயபுரத்திலும், ஆறு முதல் ஒன்பது வரை சூளூர்பேட்டையிலும், பத்து முதல் பன்னிரண்டு வரை பாட்டி வீட்டில் தங்கித் தண்டையார்பேட்டையிலும் படித்தார். பொறியியல் கணக்கில் எட்டும் ஒன்பதும் வெளிமாநிலம். மருத்துவக் கணக்கில் ஆறு முதல் ஒன்பது வரை நான்கு வகுப்புகள் வெளிமாநிலம். இரண்டிலும் நேட்டிவிட்டி கட்டாயம்.

பாட்டி வீட்டு முகவரிக்கு மாற்றிய மகளின் ஆதாரையும் அந்த வீட்டு மின்கட்டண ரசீதையும் இணைத்து விண்ணப்பித்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு அழைத்தபோது, தந்தையின் ஆதாரில் சூளூர்பேட்டை முகவரியே இருந்தது. குடும்ப அட்டையில் மகளின் பெயர் இல்லை. ஆந்திரப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கையிலுள்ள தாள்களை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆந்திராவிலிருந்து மேற்படிப்புக்காக வந்து பாட்டி வீட்டில் தங்கியிருக்கும் பெண் என்றுதான் எவருக்கும் தோன்றும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அலுவலர் மீது எனக்குக் குறையில்லை. அவர் முன் வைக்கப்பட்ட தாள்கள் அதைத்தான் சொல்லின.

இத்தனைக்கும் அந்தக் குடும்பத்திடம் சரியான ஆதாரங்கள் எல்லாமே இருந்தன என்பதுதான் வேதனை. தந்தையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ராயபுரத்துப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், தண்டையார்பேட்டை வட்டத்தில் பெற்ற அவருடைய சாதிச் சான்றிதழ், தாத்தா பெயரிலுள்ள பழைய சொத்துவரி ரசீதுகள், சென்னை மாநகராட்சி வழங்கிய மகளின் பிறப்புச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பு வரை படித்ததற்கான பள்ளிச் சான்று ஆகிய அனைத்தும் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. எவரும் கேட்கவில்லை என்பதால் அவர்களும் எடுக்கவில்லை.

இரண்டாவது விண்ணப்பத்தில் அவற்றைக் கால வரிசையில் வைத்தோம். முதலில் தந்தை இந்த மண்ணில் படித்து வளர்ந்ததற்கான தாள்கள், அடுத்து மகள் இங்கே பிறந்து தொடக்கக் கல்வி பெற்றதற்கானவை, அதன்பின் சூளூர்பேட்டை ஆண்டுகளுக்கான பள்ளிச் சான்றும் தந்தையின் பணிச் சான்றும், கடைசியாகத்தான் இன்றைய முகவரிச் சான்று. வெளிமாநில ஆண்டுகளை மறைக்காமல், பிழைப்புக்காகச் சென்ற காலம் அது என்று ஆவணத்தோடு சொன்னதால், விசாரணையில் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மிச்சமில்லை. சான்றிதழ் கிடைத்தது, ஆனால் மருத்துவக் கலந்தாய்வுக்கான விண்ணப்பத் தேதி அதற்குள் கடந்துவிட்டது. பொறியியலில் மட்டும் அது உதவியது. சான்றிதழே கிடைக்காமல் போயிருந்தால் கூட இவ்வளவு மனம் வலித்திருக்காது. பெட்டியிலிருந்த தாள்களை முதல் விண்ணப்பத்திலேயே வைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாய்ப்புகளும் இருந்திருக்கும்.

தந்தையின் தாள்களை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டு மாணவர்களிடம் மருத்துவத் தேர்வுக் குழு நேட்டிவிட்டியோடு நிறுத்திக்கொள்வதில்லை. பெற்றோரின் கல்விச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை போன்றவற்றையும் கேட்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்துக்காகத் திரட்டும் அதே கோப்பு அங்கும் பயன்படும்.

சென்னை மருத்துவமனையில் பிறந்ததற்கான பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று வாதிடுபவர்களும் உண்டு. அது பிறந்த இடத்தைக் காட்டும். குடும்பத்தின் வேரை அது மட்டும் காட்டாது. அதேபோல், தாய்வீட்டுப் பிரசவத்துக்காக நெல்லூரில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோர் வடசென்னைக்காரர்களாக இருந்தும், நேட்டிவிட்டி கிடைக்கவே கிடைக்காது என்று அஞ்சத் தேவையில்லை. பெற்றோரின் ஆதாரம் வலுவாக இருந்தால் அதை வைத்து விண்ணப்பிக்கலாம்.

யார் தருவது என்பதில் குழப்பம்

வருவாய்த் துறையின் வட்டாட்சியர்தான் தருகிறார். மாமன்ற உறுப்பினரின் கடிதம், நோட்டரியின் உறுதிமொழிப் பத்திரம், பள்ளித் தலைமையாசிரியரின் சான்று ஆகிய எதுவும் இதற்கு மாற்றாகாது. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைக் கடந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்கிறது.

வடசென்னையில் சறுக்குவது வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். மாநகராட்சி மண்டலத்தின் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ வைத்து வட்டத்தை ஊகிக்கக் கூடாது. தண்டையார்பேட்டை என்பது மண்டலத்துக்கும் பெயர், வட்டத்துக்கும் பெயர்; இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் 2018இல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன என்பதால், அங்குள்ளவர்களின் பழைய தாள்களில் திருவள்ளூர் மாவட்டம் என்றே இருக்கும். அது பிழையல்ல, அதைத் திருத்தப் போய் நாட்களை இழக்க வேண்டாம். இன்றைய விண்ணப்பத்தில் சென்னை மாவட்டம் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

வேறொரு சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுவது

இருப்பிடச் சான்று என்று பொதுவாகக் கேட்டால், குடியிருப்பைக் காட்டும் இன்னொரு சான்றிதழுக்கு விண்ணப்பம் போய்விடக்கூடும். திரையில் நேட்டிவிட்டிக்குரிய REV-102 என்ற எண்ணைப் பார்த்த பிறகே 60 ரூபாய்க் கட்டணத்தைச் செலுத்துங்கள்.

CAN பதிவு பெற்றோர் பெயரில்

சான்றிதழ் மாணவரின் பெயரில் வர வேண்டும். வீட்டில் ஏற்கெனவே வருமானச் சான்றுக்காகத் தந்தை பெயரில், இ-சேவையில் விண்ணப்பிப்பவரை அடையாளம் காட்டும் CAN என்ற பதிவு எண் ஒன்று இருக்கும். அவசரத்தில் அதையே கொடுத்தால் நேட்டிவிட்டியும் தந்தை பெயரிலேயே வந்துவிடும். மாணவருக்குத் தனி CAN பதிவு வேண்டும், அதிலுள்ள பெயரும் முதலெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

பழைய கையொப்பச் சான்றிதழை நம்புவது

அண்ணன் காலத்தில் முத்திரையிட்டு வாங்கிய தாள் இப்போது செல்லாது. மின்னணுக் கையொப்பமும் கியூஆர் குறியீடும் கொண்ட இணையவழிச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். ஒருமுறை பெற்றுவிட்டால், வருமானச் சான்றைப் போல ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை என்பதால், பதினொன்றாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிடலாம்.

ஆந்திரச் சாதிச் சான்றிதழை இங்கே காட்டுவது

ஏற்கப்படாது. பிற மாநிலத்தைச் சேர்ந்தவர் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் பொறியியலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பொதுப் பிரிவில்தான்.

அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீடும் இதுவும் ஒன்று என்று நினைப்பது

அல்ல. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று தனியாக வேண்டும்.

இரண்டு மாநிலங்களில் உரிமை கோருவது

எல்லைக்கு அருகிலுள்ள குடும்பங்களில், அங்கும் இங்கும் ஆவணம் இருப்பதால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் 85 சதவீதமாக உள்ள மாநில ஒதுக்கீட்டுக்கு ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் ஒருசேர விண்ணப்பித்துவிடும் எண்ணம் எழுகிறது. இதைக் கடுமையாக எச்சரிக்கிறேன். வேறு மாநிலத்தில் பிறப்பிட உரிமை கோரவில்லை என்று மாணவரும் பெற்றோரும் உறுதியளித்துத்தான் இங்கே விண்ணப்பிக்கிறார்கள். இரட்டை உரிமை கண்டறியப்பட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும், இடம் கிடைத்த பிறகு தெரியவந்தால் அந்த இடமும் ரத்தாகும், சட்ட நடவடிக்கைக்கும் வழியுண்டு. 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே நேட்டிவிட்டியையே கேட்பதில்லை என்பதால், மாநில ஒதுக்கீட்டுக்கு ஒரு மாநிலத்தை மட்டும் தேர்ந்துகொண்டு, அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.