கோடை விடுமுறையில் வளைகுடா வழியாக ஊருக்கு: நடுவில் புழுதிப் புயல் வந்தால்

கனடாவில் ஜூன் கடைசியிலும் இங்கிலாந்தில் ஜூலை கடைசியிலும் பள்ளி விட்டதும் பெட்டி கட்டுகிற நம் ஆட்களில் நிறையப் பேர் குவைத், தோஹா, துபாய் என்று ஏதாவது ஒரு வளைகுடா விமான நிலையத்தில் இறங்கி மாறித்தான் சென்னைக்கோ திருச்சிக்கோ கொழும்புக்கோ போகிறோம். டிக்கெட் விலையைப் பார்க்கிறோம், நடுவில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பார்க்கிறோம். அந்த மாதங்கள்தான் அங்கே ஷமால் காற்றின் காலம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஷமால் என்பது வடமேற்கிலிருந்து வரும் காற்று. வடக்கு அரேபியா பக்கம் காற்றழுத்தம் கூடியிருக்கும். ஈரான், பாகிஸ்தான் பக்கம் நிலம் வெயிலில் காய்ந்து அழுத்தம் குறைந்திருக்கும். (நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருவதிலும் இந்தத் தாழ்வழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.) இரண்டுக்கும் நடுவே ஈராக் வழியாக, வளைகுடா நெடுக, காற்று தெற்கே பாய்கிறது. வழியில் இருப்பது யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய நுண்ணிய வண்டலும், தண்ணீர் வற்றிப்போன பழைய சதுப்பு நிலங்களும். புழுதி கிளம்ப இதைவிட வசதியான இடம் கிடையாது.

காற்று அடித்தால் தூசு தானாக எழும்பிவிடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. மிக நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும், காற்றால் அவற்றை நேரடியாகப் பிய்த்தெடுப்பது கடினம். முதலில் அசைவது மணல்தான். உலர்ந்த, செடிகொடி இல்லாத தரையில் காற்று மணிக்கு 20, 25 கிலோமீட்டரைத் தாண்டினாலே மணல் துள்ளத் தொடங்கிவிடும். துள்ளிய மணி கீழே வந்து விழும்போது தரையில் மோதி, ஒட்டிக் கிடக்கும் நுண்துகள்களை உடைத்துக் கிளப்பிவிடுகிறது. மணல் ஓரிரு மீட்டர் உயரத்துக்குள்ளேயே குதித்துக் குதித்துப் போகும். கிளம்பிய நுண்தூசோ சுழல்காற்றில் ஏறி சில கிலோமீட்டர் உயரம் போய்விடும். இதில் மணல் துள்ளுகிற பாதியை நம் ஊரிலேயே பார்க்கலாம்: ஆடி மாதம் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுக்குப் போனால் சிவந்த மணல் தரையை ஒட்டிச் சீறிக்கொண்டு ஓடும், கணுக்கால் எரியும், ஆனால் முகத்துக்கு அவ்வளவாக வராது.

அப்புறம், காற்று நின்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல், நொடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வேகத்தில் கீழே இறங்கிவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரான் அளவுள்ள தூசு, அசையாத காற்றிலேயே மணிக்கு சுமார் 30 மீட்டர்தான் இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். 2 மைக்ரான் தூசு மணிக்கு ஒரு மீட்டர் அளவுதான் இறங்கும், அதைக் கீழே கொண்டுவர மழைதான் வேண்டும். 2012 மார்ச்சில் அரேபியப் பக்கம் கிளம்பிய புழுதி அரபிக்கடலைத் தாண்டி மும்பையை மூடியது இப்படித்தான்.

2022 மே 16 அன்று நடந்ததைப் பாருங்கள். புழுதி முதலில் ஈராக்கை மூடியது. பாக்தாத், நஜஃப், சுலைமானியா விமான நிலையங்கள் மூடப்பட்டன, மூச்சுத்திணறலோடு ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அன்றே குவைத்திலும் விமானங்களை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, 23ஆம் தேதி, மறுபடியும் பாக்தாத், மறுபடியும் குவைத். ஆகவே உங்கள் விமானம் குவைத் வழியாகப் போகிறதென்றால் குவைத் வானிலையை மட்டும் பார்த்துப் பயனில்லை. முந்தின நாளும் அன்றைக்கும் பாக்தாத்திலும் பஸ்ராவிலும் என்ன நிலைமை என்று பாருங்கள்.

எங்கே பார்ப்பது? விமான நிலையங்கள் வெளியிடும் METAR என்ற வானிலை அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். குவைத்தின் குறி OKKK, துபாய் OMDB, தோஹா OTHH. புயல் நாளில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும் (விளக்கத்துக்காக நான் எழுதியது):

```
OKKK 161000Z 33024G36KT 0500 DS
```

16ஆம் தேதி, கிரீன்விச் நேரம் காலை 10, அதாவது குவைத்தில் பகல் 1 மணி. காற்று 330 டிகிரியிலிருந்து, வடமேற்கும் வடக்கும் சேரும் திசை, 24 நாட் வேகம், இடையிடையே 36 நாட் வரை, அதாவது மணிக்கு 67 கிலோமீட்டர். அடுத்த நாலு இலக்கம்தான் முக்கியம்: கண்ணுக்குத் தெரியும் தூரம் 500 மீட்டர். DS என்றால் புழுதிப் புயல், SS என்றால் மணற்புயல், BLDU என்றால் காற்றில் கிளம்பும் தூசு. வெறும் DU என்றிருந்தால் காற்று தூக்கியது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் விமானம் ஓடும், ஆனால் மூச்சுக்கு நல்லதில்லை. அந்த நாலு இலக்கம் 5000க்கு மேல் இருந்தால் பயணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1000க்குக் கீழே இறங்கினால் தாமதத்துக்குத் தயாராகுங்கள். அடுத்த ஒரு நாளுக்கான கணிப்பு வேண்டுமென்றால் அதே பக்கத்தில் TAF இருக்கும்.

பனிமூட்டத்தில் இறங்கும் விமானம் புழுதியில் ஏன் இறங்கக் கூடாது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. பனிமூட்டத்தில் பெரும்பாலும் காற்று அடங்கிக் கிடக்கும், தானியங்கிக் கருவியை நம்பி இறங்கலாம். புழுதி வருவதே காற்றோடு, தானியங்கி இறக்கத்துக்கோ காற்று வேக வரம்பு உண்டு. தூசு எஞ்சினுக்குள் போவதும் கெடுதி.

இதனால்தான் ஷமால் மாதங்களில் தனித்தனி டிக்கெட் வேண்டாம் என்கிறேன். லண்டன்–குவைத் ஒன்று, குவைத்–சென்னை இன்னொன்று என்று மலிவுக்காக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால் அந்தக் காசு போனதுதான். ஒரே முன்பதிவாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

ஆஸ்துமா இருக்கிறவர்கள் இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் அது வேறெங்கோ கிடக்கும். மாஸ்க் என்றால் N95 அல்லது FFP2. அறுவைசிகிச்சை மாஸ்க்கில் ஓரங்கள் திறந்திருக்கும், தூசு அந்த வழியாக வந்துவிடும். தாடி வைத்திருந்தால் N95கூட சரியாகப் படியாது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். கண்ணில் விழுந்தால் கசக்காமல் கழுவுங்கள். காற்றுத் தரம் காட்டும் ஆப்பில் PM2.5 மட்டும் பார்க்காதீர்கள், புழுதிப் புயலில் எடை பெரும்பாலும் அதைவிடப் பெரிய துகள்களில்தான் இருக்கும், 10 மைக்ரான் வரையுள்ள துகள்களைச் சொல்லும் PM10 என்ற எண்ணைத் தேடுங்கள். 24 மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 45 மைக்ரோகிராம். புயலில் அது ஆயிரங்களில் போகும்.

நடுவில் இரண்டு நாள் குவைத்தில் சித்தப்பா வீட்டில் தங்கிப் போகிறவர்கள், மறுநாள் வெயில் பளிச்சென்று வந்தாலும் PM10 இறங்கும்வரை குழந்தைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போக வேண்டாம். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் காரில் ஏசியை வெளிக்காற்று எடுக்காமல் உள்காற்றையே சுற்றும்படி வையுங்கள். ஓட்டும்போது புழுதி மூடினால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தி, விளக்குகளை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து சாலை அங்கேதான் போகிறது என்று நினைத்து வந்து மோதிவிடுவார்.