ஏ.எம்.பி.கே. ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஈரலோடு போன நான்கு நிமிடங்கள்

சென்ற மாதம் ஒரு மாணவி, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் தன் வெஸ்ரேண் புளொட் படலத்தைக் கொண்டுவந்து காட்டினாள். முருங்கையிலைச் சாறு கொடுத்த எலிகளின் ஈரல் ஒரு பக்கம், வெறும் நீர் கொடுத்த எலிகளின் ஈரல் மறுபக்கம். இரண்டிலும் விழித்த ஏ.எம்.பி.கே.யைக் காட்டும் பட்டைகள் ஒரே கறுப்பு. "சேர், சாறு வேலை செய்யவில்லை போலிருக்கிறது" என்றாள். சாற்றைப் பற்றி அந்தப் படலம் எதையுமே சொல்லவில்லை என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதே படலத்தை நானும் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மாதிரிக்குப் பெயர் ஒட்ட மறப்பது போன்ற தவறுகளை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை.

ஈரலைக் கழுவி, நிறுத்து, பிறகு உறையவைப்பது

ஏ.எம்.பி.கே. கலத்தின் எரிபொருள் அளவைக் கவனிக்கும் நொதியம். எரிபொருளான ஏ.ரி.பி. செலவாகி, அதன் தீர்ந்த வடிவமான ஏ.எம்.பி. கூடும்போது அது விழிக்கிறது. கொழுப்பமிலம், கொலஸ்திரோல், புரதம் ஆகியவற்றைக் கட்டும் வேலைகளை நிறுத்தி, இருப்பதை எரிக்கும் வேலைகளைத் தொடக்குகிறது. இதைப் பாடமாகச் சொல்லாத மாணவர் இல்லை. ஆனால் எலியிலிருந்து வெட்டி எடுத்த ஈரலும் கொஞ்ச நேரம் உயிருள்ள கலங்களின் திரள்தான் என்பதை மேசையில் நிற்கும்போது மறந்துவிடுகிறார்கள். இரத்தம் நின்றதும் ஒட்சிசன் நிற்கிறது. கலங்கள் ஏ.ரி.பி.யைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன, ஆக்க முடியவில்லை. நொதியம் தன் கடமையைச் சரியாகச் செய்கிறது. நாம்தான் அதைச் சாற்றின் விளைவு என்று எழுதுகிறோம்.

இது எவ்வளவு விரைவில் கைமீறும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். கலத்தில் அடினைலேற்றுக் கைனேஸ் என்ற நொதியம் இரண்டு ஏ.டி.பி.யைச் சேர்த்து ஓர் ஏ.ரி.பி.யும் ஓர் ஏ.எம்.பி.யும் ஆக்குகிறது. இந்தத் தாக்கம் இரு திசையிலும் ஓடும், சமநிலை மாறிலி ஏறத்தாழ 1.

2ADP ⇌ ATP + AMP

நலமான கலத்தில் ஏ.ரி.பி. 100 பங்கு, ஏ.டி.பி. 10 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஏ.எம்.பி. 1 பங்குதான் இருக்கும். இப்போது ஏ.ரி.பி. பத்தே விழுக்காடு குறைந்து 90 ஆகட்டும். மொத்தம் 111 மாறாது என்றால், ஏ.டி.பி. ஏறத்தாழ 17.6 ஆகவும் ஏ.எம்.பி. 3.4 ஆகவும் உயர்கின்றன. ஏ.ரி.பி.யை மட்டும் அளப்பவர் பெரிய மாற்றமில்லை என்று கடந்துவிடுவார். ஏ.எம்.பி.யோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. ஏ.எம்.பி.கே.யின் காமா உபபகுதி இந்த ஏ.எம்.பி.யைப் பற்றிக்கொள்கிறது. அதனால் அல்பா உபபகுதியில் திரியோனின் 172 என்ற இடத்தில் எல்.கே.பி.1 என்ற நொதியம் சேர்க்கும் பொஸ்பேற்று எளிதில் கழன்றுபோகாமல் காக்கப்படுகிறது. மாணவியின் படலத்தில் கறுத்து நின்றது இந்தப் பொஸ்பேற்றுத்தான்.

என் கதை இதுதான். இருபது எலிகள். ஒவ்வொன்றின் ஈரலையும் எடுத்து, இரத்தம் போக உப்புநீரில் கழுவி, வடிதாளில் ஒற்றி, தராசில் நிறுத்து, துண்டாக்கி, பனிக்கட்டியில் வைத்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் உறையவைத்தேன். நல்ல ஒழுங்கு என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஓர் எலிக்கு நான்கு நிமிடம். இரண்டு மாத உணவூட்டலும் இருபது உயிர்களும் அந்த நான்கு நிமிடத்தில் போயின. பனிக்கட்டி காப்பாற்றும் என்று நம்பினேன். ஒரு கிராம் ஈரல் பனிக்கட்டியின் மேல் நடுவரை குளிர நிமிடங்கள் ஆகும். அதுவரை உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். அந்த எலிகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

செய்ய வேண்டியது வேறு. எலி மயக்கத்தில், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைத் திறக்க வேண்டும். திரவ நைதரசனில் முன்பே குளிரவைத்த, தட்டையான அலுமினியக் கட்டிகள் பொருத்திய கிடுக்கியால் ஈரல் மடலை இருந்த இடத்திலேயே நசுக்கிப் பிடிக்க வேண்டும். மடல் மெல்லிய தகடாகிச் சில நொடிகளில் உறைந்துவிடும். துண்டை அப்படியே திரவ நைதரசனில் போடுவது இதற்கு ஈடாகாது. துண்டைச் சுற்றி வாயுப்படலம் எழுந்து குளிரைத் தடுக்கும், நடுப்பகுதி பின்தங்கும். நிறுக்க வேண்டுமானால் உறைந்த பிறகு நிறுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் திரவ நைதரசன் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. நாங்கள் மாட்டுச் சினைப்படுத்தலுக்கு வரும் குடுவைகளின் நாளைக் கேட்டறிந்து, அந்த நாளுக்கே எலிகளை ஒழுங்குசெய்கிறோம்.

உறைந்த தகட்டை மேசையில் இளகவிடுவது அடுத்த சறுக்கல். திரவ நைதரசனிலேயே உரலில் பொடித்து, பொடியை நேரே குளிர்ந்த கரைசலில் போட வேண்டும். அந்தக் கரைசலில் சோடியம் புளோரைட்டும் பைரோபொஸ்பேற்றும் இருந்தால் பொஸ்பேற்றைக் கழற்றும் நொதியங்கள் அடங்கும். ஈ.டி.ரி.ஏ. இருந்தால் மகனீசியம் பிடிபட்டு, பொஸ்பேற்றைச் சேர்க்கும் கைனேசுகளும் ஓயும்.

உங்கள் கை எவ்வளவு விரைவானது என்பதை ஒரே எலியில் சோதிக்கலாம். ஒரு மடலை உடனே கிடுக்கியால் பிடியுங்கள். இன்னொரு மடலை வெட்டி எடுத்து, நீங்கள் வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்து உறையவையுங்கள். இரண்டையும் ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். இரண்டாவது கறுத்திருந்தால் அந்த வேறுபாடு முழுவதும் உங்கள் கையால் வந்தது. மாணவி அப்படித்தான் செய்து பார்த்தாள். முதல் மடலில் பட்டை மங்கலாக இருந்தது, இரண்டாவதில் கன்னங்கரேல் என்று இருந்தது.

திரியோனின் 172 மட்டும் போதும் என்று நிற்பது

நொதியம் விழித்ததா என்பது ஒரு கேள்வி, வேலை செய்ததா என்பது இன்னொன்று. கொழுப்பமிலம் கட்டும் பாதையின் வாசலில் அசெற்றைல் கோ ஏ காபொட்சிலேஸ் நிற்கிறது. ஏ.எம்.பி.கே. அதன் செரின் 79இல் பொஸ்பேற்றை வைத்து அதை அடக்குகிறது. அது ஆக்கும் மலோனைல் கோ ஏ, இழைமணியின் கதவை அடைத்துவைப்பது, குறைகிறது. அதனால் கொழுப்பமிலம் இழைமணிக்குள் செல்லும் கதவு திறந்து எரிதல் தொடங்குகிறது. கட்டுவதிலிருந்து எரிப்பதற்கு மாறும் திருப்பம் இந்த ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும். இந்தப் புரதம் மிகப் பெரியது, 265 கிலோடால்ற்றன் அளவு. சாதாரண ஜெல்லில் சாதாரண நேரத்தில் மாற்றினால் படலத்துக்கு வந்து சேராது. குறைந்த செறிவுள்ள ஜெல்லும் இரவு முழுவதுமான மாற்றமும் வேண்டும். பட்டை தெரியவில்லை என்று விளைவில்லை என எழுதிவிடாதீர்கள்.

வளர்ப்புக் கலங்களைத் திரிப்சினால் கழற்றிச் சுழற்றுவது

கழற்றுவதும் சுழற்றுவதும் கலத்துக்கு நெருக்கடி. ஊடகத்தை ஊற்றிவிட்டுத் தட்டிலேயே குளிர்ந்த கரைசலை விட்டுச் சுரண்டுங்கள்.

நீரிழிவு மருந்தான மெற்போமினை நேரடி ஊக்கி என்று எழுதுவது

அது இழைமணியின் சுவாசத் தொடரைத் தடுப்பதால் ஏ.எம்.பி. கூடுகிறது. அதன் பின்தான் ஏ.எம்.பி.கே. விழிக்கிறது.

ஏ.எம்.பி.கே.யைத் தடுக்கும் டோர்சோமோர்பின் ஒன்றை மட்டும் நம்புவது

அது வேறு பல கைனேசுகளையும் தடுக்கும். விளைவு மறைந்தது என்பதால் அது ஏ.எம்.பி.கே. வழியே வந்தது என்று ஆகாது. அல்பா உபபகுதி நீக்கப்பட்ட கலங்களிலும் செய்து பாருங்கள்.

மாணவி அடுத்த குடுவை வரும் நாளுக்காகக் காத்திருக்கிறாள். கிடுக்கியின் அலுமினியக் கட்டிகளைச் சுன்னாகத்தில் ஒரு பட்டறையில் கடைந்து வாங்கி வந்திருக்கிறோம்.